படுக்கும் பக்கமும் தலையணையும் முகத்தில் கோடு போடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாக ஒரே பக்கம்தான் படுக்கிறேன். அந்தக் கன்னத்தில் சுருக்கம் கூடுமா?

கூடலாம். ஆனால் கூடுவது பெரும்பாலும் ஓரிரு கோடுகள்தான். அதனால் கன்னம் முழுவதும் முதிர்ந்துவிடுவதில்லை. பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை கொண்டது. பக்கவாட்டில் படுக்கும்போது அந்த எடையில் ஒரு பகுதி கன்னத்தின் மேலும் நெற்றியோரத்தின் மேலும் இறங்குவதால், தோல் தலையணைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கி, மூக்கை நோக்கியோ கண்ணை நோக்கியோ தள்ளப்படுகிறது. முகத்தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நகர்வதில்லை. சில இடங்களில் அது நார் போன்ற இழைகளால் அடியிலுள்ள எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. கட்டுள்ள இடத்தில் தோல் அசையாமல் நிற்க, கட்டில்லாத இடத்துத் தோல் நகர்ந்து வந்து அதன் ஓரத்தில் மடிகிறது. ஒவ்வோர் இரவும் மடிப்பு ஏறக்குறைய அதே இடத்தில் விழுவதற்கு இதுவே காரணம்.

பட்டுப்புடவையைப் பெட்டியில் வைக்கும் நம் அம்மாக்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பார்கள். மாற்றாமல் விட்டால் புடவை முழுவதும் கெடுவதில்லை, மடித்த வரியில் மட்டும் நைந்துபோகும். முகத்தில் நடப்பதும் அதுதான். இருபது வயதுத் தோலில் மீள்தன்மையுள்ள இழைகள் நிறைய இருப்பதால் மடிப்பு எழுந்தவுடன் விரிந்துவிடும். ஐம்பதுக்கு மேல் அந்த இழைகள் குறைந்து தோல் மெலிந்திருக்கும்போது, அதே மடிப்பு விரிவதற்கு நேரம் எடுக்கும். கடைசியில் சில மடிப்புகள் விரியாமலே நின்றுவிடும். வயது ஏற ஏற இரவில் நாம் புரளும் தடவைகளும் குறைவதால், ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும் நேரம் நீள்கிறது.

காலையில் கன்னத்தில் இருக்கும் கோடு பத்து மணிக்குள் போய்விடுகிறது. இதற்கும் கவலைப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. கோடு இருக்கிறதா என்பதைவிட அது மறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கவனியுங்கள். அரை மணியில் மறைந்தது சில ஆண்டுகளில் மதியம்வரை நிற்கத் தொடங்கினால், தோலின் மீள்தன்மை குறைந்துவருகிறது என்று பொருள். காலையில் ஒரு பக்கம் மட்டும் கண்ணிமை உப்பியிருப்பது வேறு சங்கதி. இரவு முழுவதும் தாழ்ந்திருந்த பக்கத்தில் நீர் தேங்குவதால் வரும் வீக்கம் அது. எழுந்து நடமாடிய ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும், அதனால் தழும்போ கோடோ உண்டாவதில்லை.

நிலையாக இருக்கும் கோடு தூக்கத்தால் வந்ததா, சிரித்துச் சிரித்து வந்ததா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கோடு ஓடும் திசையைப் பாருங்கள். சிரிப்பு, முறைப்பு, வியப்பு ஆகியவற்றால் விழும் கோடுகள், அவற்றை உண்டாக்கும் தசை இழைக்குக் குறுக்கே ஓடும். புருவத்தை உயர்த்தும் தசை மேலும் கீழுமாக ஓடுவதால் நெற்றியில் கோடுகள் படுக்கையாக விழுகின்றன. தூக்கத்தில் விழும் கோட்டுக்குத் தசையோடு தொடர்பில்லை; தோல் எந்தப் பக்கமிருந்து தள்ளப்பட்டதோ அதைப் பொறுத்தே அதன் திசை அமையும். ஆகவே அது சிரிப்புக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டோ, அவற்றோடு சேராமல் சாய்வாகவோ ஓடுவதைக் காணலாம். நெற்றியின் ஓரத்தில் புருவ முனைக்கு மேல் சாய்வாக இறங்கும் கோடு, மூக்கோரச் சிரிப்பு மடிப்புக்கு வெளியே கன்னத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடு, மேலுதட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்த கோடு ஆகியவை அதற்கு வழக்கமான இடங்கள்.

அடுத்து, கைப்பேசியை வைத்துச் செய்யும் ஒரு சிறிய சோதனை உண்டு. சன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில் புருவத்தை உயர்த்தி ஒரு படமும், நன்றாகச் சிரித்து ஒரு படமும் எடுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகத் தூங்கும் தலையணையில், வழக்கமாகத் தூங்கும் விதத்திலேயே, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுப்பவராக இருந்தால் கையையும் கொடுத்துப் படுத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது விட்டு முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்படும் கோடு சிரிக்கும்போது ஆழமானால் அது சிரிப்பின் கோடு. சிரிப்புக்கு அசையாமல் நின்று, படுத்த படத்தில் மட்டும் அதே வரியில் தோல் மடிந்திருந்தால் அது தூக்கத்தின் கோடு. இரண்டிலும் ஆழமாகும் கோடுகளும் உண்டு, குறிப்பாகக் கண்ணோரத்தில். அவற்றைப் பிரித்துச் சொல்ல முயல வேண்டாம்.

என் கணவர் 26 வருடம் செம்பனை லோரி ஓட்டியவர், இப்போது வயது 63. முகத்தின் வலது பக்கம் மட்டும் இடது பக்கத்தைவிடப் பத்து வயது கூடித் தெரிகிறது. வலது பக்கமாகத்தான் படுப்பார். தலையணைதான் காரணமா?

சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் தலையணையை விட்டுவிட்டு முதலில் லோரியைப் பற்றித்தான் விசாரிப்பேன். தோல் நோய்ப் பிரிவில் 19 ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு இங்கே வந்து குடியேறியவள் நான். மலேசியாவில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார், வலது பக்கச் சன்னல் அவருடைய கன்னத்திலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருக்கிறது. எனவே ஓட்டுநர்களில் வலது பக்கமாகப் படுப்பவர்களுக்கு வெயிலும் தலையணையும் ஒரே கன்னத்தில் வேலை செய்கின்றன. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றின் மேல் பழி போடக்கூடாது.

இந்த அம்மாள் கணவரை அழைத்து வந்தார். எங்கள் வீட்டு ஐந்தடியில் நாற்காலி போட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்தோம். வலது நெற்றிப்பொட்டிலும் கன்னத்து மேட்டிலும் தோல் தடித்து, மஞ்சள் பாய்ந்து, ஆரஞ்சுத் தோலைப்போல் சொரசொரப்பாக இருந்தது. வெளிக் கண்ணோரத்தில், அடைபட்டுக் கறுத்த தோல் துளைகளான கருந்துளைகள் கூட்டமாகத் தெரிந்தன. பழுப்புப் புள்ளிகள் கன்னம் முழுவதும் இறைந்திருந்தன. ஆனால் அதே வலது பக்கத்தில் காதுக்குப் பின்னாலும் தாடைக்கு அடியிலும் தோல் மழமழவென்று, ஏறக்குறைய இடது பக்கத்தைப் போலவே இருந்தது. சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். வலது முன்கை இடது முன்கையைவிட இரண்டு மடங்கு கறுத்து, அதே புள்ளிகளோடு இருந்தது. பழைய லோரியில் ஏர்கோன் கிடையாது, சன்னலை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துத்தான் ஓட்டியதாக அவரே சொன்னார்.

இங்கேதான் விடை இருக்கிறது. தலையணை முன்கையைக் கறுக்க வைக்காது. தலையணையால் புள்ளி விழாது, தோல் தடிக்காது, கருந்துளை வராது. ஒரு பரப்பு முழுவதும் பழுத்து, நிழல் விழும் இடங்கள் மட்டும் தப்பியிருந்தால் அது வெயிலின் கைவரிசை. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது. அவருக்கு இடது பக்கம் முழுவதும் தடித்துத் தொங்கிப்போயிருந்தது, ஏனென்றால் அந்நாட்டில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருகிறார். சன்னலை மூடிவைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. வெயிலில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலின் ஆழத்துக்குப் போய் இழைகளை அழிக்கும் யூ.வி.ஏ. கதிர் சாதாரணப் பக்கக் கண்ணாடி வழியாக ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் அந்தக் கதிரை அதிகம் தடுக்கிறது.

அப்படியானால் தலையணைக்குப் பங்கே இல்லையா? அவருக்கு இருந்தது. மேலே சொன்ன நான்கு படங்களையும் எடுத்தோம். வலது புருவ முனைக்கு மேல் சாய்வாக ஒரு கோடு. புருவத்தை உயர்த்தியபோது படுக்கைக் கோடுகள் எழுந்து அதைக் குறுக்கே வெட்டினவே தவிர அந்தச் சாய்வுக் கோடு ஆழமாகவில்லை. கன்னத்தில் சிரிப்பு மடிப்புக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி மேலிருந்து கீழாக இன்னொரு கோடு. அவர் வலது உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துப் படுத்த படத்தில் இந்த இரண்டு கோடுகளும் அப்படியே மடிப்பாக விழுந்திருந்தன. ஆக, தோலைப் பழுக்க வைத்தது வெயில். பழுத்துத் தளர்ந்த தோலில் இரண்டு கோடுகளை இழுத்தது தலையணையும் கையும். தோல் தளராமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கோடுகளும் காலை ஒன்பது மணிக்குள் மறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

செய்தவை மூன்றுதான். எஸ்.பி.எஃப். 50 உள்ள, யூ.வி.ஏ. கதிரையும் தடுக்கும் வெயில் களிம்பைக் காலையிலும் நண்பகலிலும் பூசச் சொன்னேன். கன்னத்துக்கு அடியில் கை கொடுப்பதை நிறுத்தச் சொன்னேன். கண்ணோரத்துக் கருந்துளைகளுக்கும், நெற்றிப்பொட்டில் இருந்த முத்துப்போல் பளபளத்த ஒரு சிறு மேட்டுக்கும் தோல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். இந்த மூன்றாவதுதான் அவசரமானது. பல ஆண்டு வெயில் பட்ட முகத்தில், ஆறாத புண்ணோ பளபளப்பான மேடோ இருந்தால் அது தோல் புற்றாகவும் இருக்கக்கூடும். சுருக்கத்தைப் பற்றிய பேச்சில் அது மறைந்துபோகக் கூடாது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது புள்ளிகள் சற்று வெளிறியிருந்தன. முன்பு மதியம்வரை நின்ற நெற்றிக் கோடு காலைப் பசியாறுவதற்குள் பாதியாக ஆழம் குறைந்துவிடுவதாக மனைவி சொன்னார். கன்னத்துக் கோடு போகவில்லை. இனி அது போகாது என்று அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா, அல்லது அழகு நிலையத்தார் சொல்வதுதானா?

நடந்திருக்கிறது, ஆனால் குறைவு. தூக்கத்தில் விழும் கோடுகளை அறுவை மருத்துவர்கள் 1980-களிலிருந்தே விவரித்து வருகிறார்கள். 2016-இல் ஈஸ்தெட்டிக் சர்ஜரி ஜர்னல் என்ற இதழில் வெளியான கட்டுரை ஒன்று, படுக்கும்போது முகத்தின் மேல் விழும் அழுத்தமும் இழுவையும் எப்படித் தோலை மடிக்கின்றன என்பதையும், அந்தக் கோடுகள் தசைக் கோடுகளிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்பதையும் விளக்கியது. நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி அந்த வகை வேலையிலிருந்து வந்ததுதான்.

மறுபக்கமும் உண்டு. ஒரே பக்கமாகப் படுக்கும் வழக்கமுள்ள பெண்களின் முகப்படங்களை வைத்து, எந்தப் பக்கம் படுக்கிறார் என்று தெரியாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. படுத்த பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தெளிவாக முதிர்ந்திருப்பதாக அதில் வெளிப்படவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணாடியை மூக்கோடு ஒட்டிப் பார்க்கும் நமக்குத் தெரியும் கோடு, எதிரே நிற்பவருக்கு முகத்தின் மொத்த வயதில் கணக்காவதில்லை, அவ்வளவுதான். படுக்கும் பக்கத்தையும் சுருக்கத்தையும் பல்லாண்டு தொடர்ந்து அளப்பது எளிதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் எந்தப் பக்கம் படுக்கிறோம் என்று ஒருவர் சொல்வதும் உறங்கிய பின் அவர் கிடக்கும் பக்கமும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை.

பட்டு உறை போட்டால் சுருக்கம் வராது என்று 120 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

சுருக்கத்துக்காக என்றால் வேண்டாம். பட்டு வழுக்குவதால் உராய்வு குறையும். புரளும்போது தோல் இழுபடுவது சற்றுக் குறையலாம், முடி சிக்காமல் இருக்கும். ஆனால் கோட்டை உண்டாக்குவது பெரும்பாலும் தலையின் எடை தரும் அழுத்தம். அந்த எடை பருத்தி உறையிலும் பட்டு உறையிலும் ஒன்றுதான். பழைய துணி மொடமொடப்பாகி, தையல் விளிம்பு கன்னத்தில் அழுந்தினால் அதை மாற்றுங்கள். அதற்கு பாசார் மாலாமில் கிடைக்கும் மெல்லிய பருத்தி உறையே போதும்.

உறையைவிட உள்ளே இருப்பது முக்கியம். நம் வீடுகளில் இன்னும் கெக்காபு என்கிற இலவம்பஞ்சுத் தலையணைகள் இருக்கின்றன. புதிதாக இருக்கும்போது அது தலையை நன்றாகத் தாங்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் பஞ்சு கட்டியாகத் திரண்டுவிடும். அந்தப் பள்ளத்தில் தலை இறங்கினால் கட்டி எழும்பிக் கன்னத்தை மூக்குப் பக்கமாகத் தள்ளுகிறது. வெயிலில் காயவைத்துத் தட்டிப் பார்த்தும் நிமிராவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தலையணையின் உயரம், படுத்த நிலையில் தோளின் வெளி விளிம்புக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். உயரம் போதாதபோதுதான் பலர் கையை அடியில் கொடுக்கிறார்கள். தலையின் எடை காதுக்கு மேலும் பின்னும் உள்ள மண்டையோட்டில் இறங்கி, கன்னம் தலையணையின் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி முகத்தைச் சற்று மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொள்வதுதான் காசில்லாமல் செய்யக்கூடிய நல்ல மாற்றம். கன்னப் பக்கம் வெட்டி எடுத்ததுபோன்ற வடிவில் வரும் தலையணைகள் இதைத்தான் செய்கின்றன. பழகிக்கொள்பவர்களுக்கு உதவும், பலர் இரண்டாம் வாரத்தில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் மல்லாந்து படுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

முகத்துக்குச் சரியாகலாம், மற்றவற்றுக்குச் சரியாகாமல் போகலாம். குறட்டை விடுபவர்களுக்கும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் மல்லாந்து படுப்பது பொதுவாக நிலைமையை மோசமாக்கும். நாக்கும் தொண்டைத் தசைகளும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுக் குழலை அடைக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு 28-ஆம் வாரத்துக்குப் பிறகு உறங்கப் போகும்போது பக்கவாட்டில் படுக்கும்படிதான் அறிவுரை சொல்லப்படுகிறது. இரவில் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடது பக்கம் ஆறுதல் தரும். இந்த மூன்று கூட்டத்தாரும் ஒரு கோட்டுக்காகத் தூக்கத்தை மாற்றிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவை எதுவும் இல்லாதவர்கள் முயன்று பார்க்கலாம், ஆனால் உறங்கிய பின் உடல் தன் வழக்கப்படிதான் புரளும். உடலில் கருவி பொருத்தி அளந்த ஓர் ஆய்வில், பெரியவர்கள் படுக்கையில் கழித்த நேரத்தில் பாதிக்குச் சற்று மேல் பக்கவாட்டில்தான் இருந்தார்கள். நம் ஊரில் குழந்தையிலிருந்தே பழகிய பந்தால் பெலோக் இங்கே கைகொடுக்கும். அதைக் கட்டிக்கொண்டு மேல் காலையும் மேல் கையையும் அதன்மேல் போட்டால், உடல் முன்பக்கம் சரிந்து முகம் தலையணையில் புதைவது நிற்கும். குப்புறப் படுப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமான பலன் தரும், ஏனென்றால் முகத்தில் அதிக அழுத்தம் விழுவது அந்த நிலையில்தான்.

சில வருடமாக என் முகம் ஒரு பக்கம் கோணலாகத் தெரிகிறது. ஒரே பக்கம் படுத்ததால் எலும்பு நகர்ந்திருக்குமா?

வளர்ச்சி முடிந்த பெரியவரின் முக எலும்பைத் தலையணை நகர்த்தாது. கோணல் இல்லாத முகமும் கிடையாது. கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தையே ஆயுள் முழுவதும் பார்த்துப் பழகிய நாம், பிறர் எடுத்த படத்தில் மாறாத முகத்தைக் காணும்போது பழைய கோணல் புதிதாகத் தெரிகிறது. ஆகவே 15, 20 ஆண்டுகளுக்கு முந்தைய திருமணப் படத்தையோ, அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தையோ தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதே கோணல் அன்றும் இருந்திருக்கும்.

உண்மையிலேயே புதிதாக வந்திருந்தால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியவர்கள் பல ஆண்டு மறுபக்கமே மெல்லுவதால் அந்தத் தாடைத் தசை பருத்துவிடுகிறது. பல் போன பக்கத்தில் தாடை எலும்பு தேய்ந்து கன்னம் ஒட்டுகிறது. பால்மரம் வெட்டிய தலைமுறையில் வெற்றிலை பாக்கை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கியே வைத்திருந்தவர்கள் நம்மிடையே நிறைய. அந்தப் பக்கம் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, கன்னத்தில் கட்டி ஆகிய எதுவும் இருந்தால் பல் மருத்துவரிடம் அந்த வாரமே போக வேண்டும். வாய்ப் புற்று அப்படித் தொடங்கக்கூடும்.

படுக்கும் பக்கத்தால் முகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும் ஒரு நோயும் இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. மேலிமை ரப்பரைப்போல் தளர்ந்து, லேசாக மேலே இழுத்தாலே உள்புறம் வெளியே புரண்டுவிடும். 1981-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் உடல் பருத்த, குறட்டை விடும் நடுவயது ஆண்களுக்கு வரும். இரவில் இமை தலையணையில் புரண்டு உராய்வதால், படுக்கும் பக்கத்துக் கண் காலையில் சிவந்து, பீளை கட்டி, இமை முடிகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு பக்கக் கண் மட்டும் தேறாமலிருந்தால், கண் மருத்துவரிடம் படுக்கும் பக்கத்தையும் குறட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இமை நோய்க்குப் பின்னால் உறக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் ஒளிந்திருப்பது வழக்கம்.

சில மணி நேரத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதோ, ஒரு கண்ணை மூட முடியாமல் போவதோ தலையணையின் வேலையே அல்ல. ‘ராத்திரி காற்றுப் பட்டுவிட்டது, சரியாகப் படுக்கவில்லை’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

போடோக்ஸ் போட்டால் தூக்கக் கோடு போகுமா?

போகாது. அந்த ஊசி தசையைத் தளர்த்துகிறது. தசையால் வராத கோட்டில் தளர்த்துவதற்கு ஒன்றுமில்லை. நிரப்பும் ஊசி பள்ளத்தை ஓரளவு மேலே தூக்கும், ஆனால் அன்றிரவே அதே தலையணையில் அதே மடிப்பு விழத் தொடங்குகிறது.

பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம். பின்னந்தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. கடுகுத் தலையணை வைத்தால் உருண்டையாகிவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?

வைக்காதீர்கள். பெரியவர்களுக்குச் சொன்ன பதில் கைக்குழந்தைக்குப் பொருந்தாது. இந்த வயதில் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையாமல் மென்மையாக இருப்பதால், படுக்கும் நிலை உண்மையிலேயே தலையின் வடிவத்தை மாற்றுகிறது. ஒரு பக்கமே அழுந்தும்போது அந்தப் பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னே தள்ளப்படுவதும் உண்டு. உறக்கத்தில் கைக்குழந்தை திடீரென இறந்துபோகும் தொட்டில் மரணத்தைத் தடுக்கக் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கும்படி 1990-களில் அறிவுறுத்தத் தொடங்கிய பிறகு, பல உயிர்கள் தப்பின, தட்டைத் தலைகளும் கூடின. தட்டைத் தலை பெரும்பாலும் தானாகச் சீராகக்கூடியது என்பதால் அந்த அறிவுரை இன்றும் மாறவில்லை. கடுகு, பச்சைப்பயற்று உமி, எதை நிரப்பினாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தருகே கிடக்கும் தலையணை மூச்சை அடைக்கக்கூடிய பொருள்தான்.

குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். அம்மா படுக்கும் பக்கமாகவோ, வெளிச்சம் வரும் கதவுப் பக்கமாகவோதான் அது பார்த்துக்கொண்டிருக்கும். இன்றிரவு தலை வைத்த இடத்தில் நாளை இரவு கால் வரும்படி மாற்றிப் படுக்க வைத்தால், அதே கதவைப் பார்க்க அது மறுபக்கம் திரும்பியாக வேண்டும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளில் பல தடவை சில நிமிடங்கள் குப்புறக் கிடத்துங்கள். சேலைத் தொட்டிலில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை செய்தும் கழுத்து ஒரே பக்கம் சாய்ந்திருந்து, மறுபக்கம் திருப்பினால் குழந்தை அழுதால், கழுத்துத் தசை இறுகியிருக்கக்கூடும். அடுத்த தடுப்பூசித் தேதிக்குக் காத்திருக்காமல் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கொண்டுபோய், தலையைவிடக் கழுத்தை முதலில் பார்க்கும்படி சொல்லுங்கள்.